5.7 ஊக்கல் கோட்பாடுகளை ஒப்பிடுதல்: மூன்று கிலோ கொழுந்து

இந்த அத்தியாயத்தில் இதுவரை ஒவ்வொரு கோட்பாட்டையும் தனித்தனியே படித்தோம். அப்படிப் படித்தால் எல்லாமே சரி என்றுதான் தோன்றும். ஒரே பிரச்சினையை எல்லாவற்றின் முன்னும் வைத்துப் பார்க்கும்போதுதான் எது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பது தெரியவரும். அதற்காக நாம் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

அங்கே ஒரு பிரிவில் 42 பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள். ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, அதாவது ஒரு பேருக்கு, 18 கிலோ பறிக்க வேண்டும். ஜனவரி மாதம் ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், தோட்டத்தின் உதவி முகாமையாளரான சின்னதுரை ஓர் அறிவிப்புச் செய்கிறார்: 18க்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபாய். முதல் இரண்டு வாரம் நிறுவை கூடியது. மூன்றாம் வாரம் பழையபடி 18, 19 என்று இறங்கிவிட்டது. "காசு கொடுத்தும் வேலை நடக்கவில்லை, சோம்பேறித்தனம்" என்று அறிக்கை எழுதுகிறார் சின்னதுரை. அவர் எழுதியது சரியா?

மாஸ்லோ (1943). பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் குடும்பமாக இருப்பவருக்கு உடல்சார் தேவையும் பாதுகாப்புத் தேவையும் இன்னும் நிறைவேறவில்லை. ஆகவே பணம் அவரை ஊக்கியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் வாரம் ஊக்கவில்லையே! தேவை இருப்பதை மாஸ்லோ காட்டுவார். தேவை இருந்தும் கை ஏன் நின்றது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஹெர்ஸ்பெர்க் (1959). சம்பளம் அதிருப்தியைக் குறைக்கும், ஊக்கத்தைத் தராது என்பார். மேலோட்டமாகப் பார்த்தால் நம் பிரச்சினைக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அவர் பிட்ஸ்பர்க் பகுதியில் பேட்டி கண்டது சுமார் 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும். நாட்சம்பளம் தராசில் தீர்மானமாகும் ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வதில் இன்னொரு பாதி, முன்னேறும் வாய்ப்பு போன்றவையே ஊக்கும் என்பது, மட்டும் கனமானது: இருபது வருடம் கூடை சுமந்தவருக்கு அடுத்த படி என்று என்ன இருக்கிறது? கங்காணி வேலை பெரும்பாலும் ஆண்களுக்குத்தான் போகிறது.

வ்ரூம் (1964). இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அவருடைய சூத்திரம்:

ஊக்கம் = எதிர்பார்ப்பு × கருவித்தன்மை × பெறுமதி

முதலாவது, முயன்றால் பறிக்க முடியுமா? ஜனவரி, பனியும் வரட்சியும் சேர்ந்த மாதம்; கொழுந்து குறைவு. நல்ல மலையில் நிரை கிடைத்தவருக்கு முடியும், வங்கி எனப்படும் வளர்ச்சி நின்ற தளிர் நிறைந்த மேட்டில் நிற்பவருக்கு முடியாது. இரண்டாவது, பறித்தால் காசு வருமா? நிறுவைக்கு வருவோம். கூடைக்கும் ஈரத்துக்கும் என்று மூன்று கிலோ கழிக்கிறார்கள். தராசின் முள்ளை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும் ஒரு பெண் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்: "இருபத்தோரு கிலோ பறிச்சேன், பதினெட்டுன்னு எழுதிட்டாங்க. அப்புறம் எதுக்கு மாரடிக்கணும்?" மூன்றாவது, கிடைக்கும் காசு போதுமானதா? இரண்டு கிலோவுக்கு 100 ரூபாய். அதற்காக, பள்ளிவிட்டு வந்த பிள்ளையைப் பார்க்கவும் விறகு பொறுக்கவும் இருக்கும் நேரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றும் பெருக்கல் உறவில் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று பூச்சியமானால் மொத்தமும் பூச்சியம். 50 ரூபாயை 75 ஆக்கினாலும் இரண்டாவது காரணி மாறாது. முதல் இரண்டு வாரம் கூடியதற்கும் பின் இறங்கியதற்கும் இதில் விளக்கம் இருக்கிறது: அந்த இரண்டு வாரமும் அவர்கள் அறிவிப்பை நம்பினார்கள், தராசைப் பார்த்தபின் நம்பவில்லை.

அடம்ஸின் ஒப்புரவு (1963). வ்ரூம் தொடாத ஓர் இடத்தை இது தொடுகிறது. தொழிலாளி தன் உழைப்பையும் வரவையும் தனியே எண்ணுவதில்லை, பக்கத்து நிரையோடு ஒப்பிடுகிறார். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாயானபோது பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூட்டப்பட்டதை மலையகம் மறக்கவில்லை. "இன்று அதிகம் பறித்துக் காட்டினால் நாளை அதுவே எல்லாருக்கும் கணக்காகும்" என்ற பயத்தில் கை மெதுவாவது, சமநிலையை மீட்கும் முயற்சி என்றே அடம்ஸ் சொல்வார். சோம்பல் என்று அவர் சொல்லமாட்டார்.

லொக்கின் இலக்குக் கோட்பாடு (1968) பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 18 என்பது தெளிவான இலக்குதான், ஆனால் பறிப்பவர் ஏற்றுக்கொண்ட இலக்கு அல்ல. எல்லா மலைக்கும் ஒரே எண் வைப்பதும் பிழை.

ஆக, இந்தப் பிரச்சினைக்கு வ்ரூமும் அடம்ஸும்தான் கைகொடுக்கிறார்கள். இருவரும் சுட்டுவது ஒரே இடத்தை: தராசும் அதன் பக்கத்தில் இருக்கும் கணக்குப் புத்தகமும்.

பயிற்சி: கழிவை நிறுத்தி, வெற்றுக் கூடையை முதலில் நிறுத்துப் பார்த்து, எல்லாருக்கும் முள் தெரியும்படி தராசை வைக்கச் சொல்கிறார் சின்னதுரை. 50 ரூபாய் அப்படியே இருக்கிறது. மே மாதத்தில் நிறுவை கூடுகிறது. இந்த மாற்றத்தைத் தராசின் பலன் என்று மட்டும் சொல்ல முடியுமா? மே மாதத்துக் கொழுந்தின் அளவைக் கணக்கில் எடுத்து, வ்ரூமின் எந்தக் காரணி மாறியது என்று 150 சொற்களில் எழுதுக.