கல்லடி மருந்துக்கடையில் ஓர் உரையாடல்

மார்கழி மாதம், காலை பதினொரு மணி. மழை சற்று விட்டிருக்கிறது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வருகிறார். மருந்தாளர் அவரைவிட இளையவர். இருவராகச் சேர்ந்து குரல்விட்டு வாசியுங்கள். ‘குளிசை’ என்பது மாத்திரை. ‘சத்தி’ என்பது வாந்தி. ‘தடிமன்’ என்பது சளி. ‘பல்முரசு’ என்பது பல் ஈறு. ‘சலம்’ என்பது சிறுநீர். ‘துண்டு’ என்பது டாக்டர் எழுதித் தரும் மருந்துச் சீட்டு.

பெண்: தம்பி, காய்ச்சலுக்கு மருந்து தாருங்கள். உடம்பு நோவுக்கும் ஏதாவது வேண்டும்.

மருந்தாளர்: யாருக்கு அக்கா? உங்களுக்கா?

பெண்: இல்லை, வீட்டுக்காரருக்கு. வயலிலிருந்து வந்து படுத்தவர், இன்னும் எழும்பவில்லை.

மருந்தாளர்: காய்ச்சல் எப்போது தொடங்கியது?

பெண்: முந்தாநாள் இரவு. குளிர்கிறது என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். விடியும்போது உடம்பு கொதித்தது.

மருந்தாளர்: இருமல், தடிமன் இருக்கிறதா?

பெண்: இல்லை. தலையிடிதான் தாங்க முடியவில்லை என்கிறார். கண்ணுக்குப் பின்னால் குத்துகிறதாம். மூட்டெல்லாம் உளைகிறதாம்.

மருந்தாளர்: சத்தி எடுத்தாரா? வயிறு நோகிறதா?

பெண்: நேற்று ஒரு தடவை சத்தி எடுத்தார். வயிறு நோகவில்லை. சோறு இறங்கவில்லை, கஞ்சி மட்டும் குடிக்கிறார்.

மருந்தாளர்: பல்முரசில் இரத்தம் வந்ததா? தோலில் சிவப்புப் புள்ளிகள்?

பெண்: அப்படி ஒன்றும் காணவில்லை.

மருந்தாளர்: இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள்?

பெண்: பனடோல். நேற்று மூன்று தரம், இன்று காலை ஏழு மணிக்கு இரண்டு குளிசை. அடுத்த வீட்டு மாமி இதையும் தந்தார். போட்டால் நோவு பறந்துவிடுமாம். உங்களிடம் கேட்காமல் கொடுக்க மனம் வரவில்லை.

(முந்தானை முடிச்சை அவிழ்த்து, வெட்டி எடுத்த குளிசை அட்டைத் துண்டொன்றை மேசையில் வைக்கிறார்.)

மருந்தாளர்: டைக்குளோபெனக்! இதைக் கொடுக்கவே வேண்டாம். இது டெங்குவாக இருக்கலாம். டெங்கு என்றால் டைக்குளோபெனக், இபுபுறூபன், அஸ்பிரின் எதுவும் ஆகாது, இரத்தக்கசிவு கூடிவிடும். பரசிட்டமோல், அதாவது நீங்கள் கொடுத்த பனடோல் மட்டும்தான்.

பெண்: அதற்குக் காய்ச்சல் அடங்கவில்லையே தம்பி. மூன்று மூன்றாகக் கொடுத்தால் என்ன?

மருந்தாளர்: கூடாது, ஈரல் பழுதாகிவிடும். அவருடைய நிறை எவ்வளவு? ஈரல் வருத்தம், குடிப்பழக்கம் ஏதாவது உண்டா?

பெண்: அறுபது கிலோவுக்கு மேல் இருப்பார். குடிப்பதில்லை. பிரஷருக்கு மட்டும் ஒரு குளிசை போடுகிறார்.

மருந்தாளர்: சரி. 500 மில்லிகிராம் குளிசை ஒரு தரத்துக்கு இரண்டு. அடுத்த தரத்துக்கு ஆறு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் போகக்கூடாது.

பெண்: அப்படியென்றால் இப்போது கொடுக்க முடியாதா?

மருந்தாளர்: காலை ஏழு மணிக்குக் கொடுத்தீர்கள். அடுத்தது பகல் ஒரு மணிக்குத்தான். இடையில் காய்ச்சல் ஏறினால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து ஒற்றி எடுங்கள். தடிமன் குளிசைகள் பலவற்றிலும் பரசிட்டமோல் இருக்கிறது. அவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

பெண்: சாப்பிட முன்னா, பின்னா?

மருந்தாளர்: எப்படியும் போடலாம். வெறும் வயிற்றில் குமட்டினால் கஞ்சிக்குப் பிறகு கொடுங்கள்.

பெண்: நான்கு அமொக்சிசிலினும் தாருங்களேன். போன வருடம் என் இருமலுக்கு அதுதான் கேட்டது.

மருந்தாளர்: துண்டு இல்லாமல் தரமாட்டேன் அக்கா. டெங்கு வைரஸ் காய்ச்சல். பக்டீரியாவுக்கான அந்த மருந்து அதற்கு வேலை செய்யாது. ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் தருகிறேன். ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். இளநீர், கஞ்சியும் நல்லது. சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம். சத்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

பெண்: நாளைக்கும் பார்த்துவிட்டு டாக்டரிடம் போகலாமா?

மருந்தாளர்: இன்றைக்கே போங்கள், இரத்தம் பரிசோதிக்க வேண்டும். பிரஷர் குளிசையைத் தொடர்வதா என்றும் கேளுங்கள். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோக மறக்க வேண்டாம். இன்னொன்று: டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்து. காய்ச்சல் விட்ட பிறகு வயிறு நொந்தால், ஓயாமல் சத்தி எடுத்தால், கைகால் குளிர்ந்தால், சலம் குறைந்தால் உடனே போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

பெண்: ஒரு மணிக்கு இரண்டு, பிறகு இரவு ஏழு மணிக்கு இரண்டு. சரிதானே?

மருந்தாளர்: சரி. காய்ச்சலோ நோவோ இருந்தால் மட்டும். பெட்டியிலும் எழுதிவிடுகிறேன்.

பெண்: மாமியின் குளிசையை என்ன செய்வது?

மருந்தாளர்: இங்கேயே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு வீட்டுக்குப் போய்விடும்.

பயிற்சி: இரவு ஏழு மணிக்குப் பிறகும் காய்ச்சல் இருந்தால் அடுத்த குளிசையை எப்போது கொடுக்கலாம்? அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க் கணவரிடமும் மாமியிடமும் என்ன சொல்லியிருப்பார்? ‘என்று சொன்னார்’, ‘வேண்டாமாம்’ போன்ற வடிவங்களைக் கொண்டு எழுதுங்கள்.