ஏற்ற வேண்டிய சாமான்கள்

அக்கா, நீ கேட்ட லிஸ்ட் இது.
டெம்போ நாளைக் காலை 7 மணிக்கு வந்துவிடும்.
இரண்டு நடை அடித்தால் இரண்டு வாடகை என்கிறார் டிரைவர்.
ஒரே நடையில் முடித்துவிடலாம்.
ஓசூருக்கு உனக்கு எது, தர்மபுரிக்கு எங்களுக்கு எது,
வீடு வாங்கினவருக்கே விட்டுவிட்டுப் போவது எது,
பார்த்துச் சொல்.
அம்மா திண்ணையில் உட்கார்ந்து
ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டு இருக்கிறாள்.

முதலில் குடங்கள்.
பித்தளை 2. ஒன்று அம்மாவின் சீர்க்குடம்,
கழுத்தில் நாகமரை என்று ஊர்ப் பெயர் வெட்டியிருக்கும்.
எவர்சில்வர் 3, நசுங்காதது ஒன்றுகூட இல்லை.
பிளாஸ்டிக் 7: பச்சை, நீலம், மறுபடி பச்சை,
விரிசலுக்குத் தார் வைத்து ஒட்டிய சிவப்பு.
அம்மா இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று.
அப்பா சைக்கிளில் நான்கு.
போர் போட்ட பிறகுதான் அந்த நடை நின்றது.

போர் மோட்டார் 1. அது வீட்டோடு போகிறது.
1985. திருச்செங்கோட்டு வண்டி இரண்டு நாள் நின்றது.
380 அடியில் புகை அடங்கிச் சேறு பீறிட்டது.
அப்பா தேங்காய் உடைத்தார்.
முதல் சொம்பு உனக்குத்தான் கொடுத்தார்கள், உனக்கு நாலு வயது.
இனிக்குது என்றாயாம்.
அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ராகி திரிக்கிற கல் 1, கைப்பிடி போனது.
களிப்பானை 1, களி கிண்டுகிற துடுப்பு 2.
அம்மி, குழவி. ஆட்டுக்கல்லைத் தூக்க நாலு ஆள் வேண்டும்,
விட்டுவிடலாம்.
சாமை அரை மூட்டை.
புளி ஒரு பானை, போன வருஷத்துப் புளி, கறுத்துவிட்டது,
ரசத்துக்கு அதுதான் நல்லது என்கிறாள்.
மாங்காய் பறிக்கிற வலைக்கோல் 1.
பெங்களூரா மரத்தையும் லிஸ்டில் எழுதச் சொன்னாள்.
எழுதிவிட்டேன். என்ன செய்வது.

பட்டுப்பூச்சிக்கு அப்பா வாங்கிய சந்திரிகை 3.
மூங்கிலில் இன்னும் ஒன்றிரண்டு கூடு ஒட்டியிருக்கிறது,
உள்ளே உயிர் இல்லை, குலுக்கினால் சத்தம் வருகிறது.

மாட்டுக் கயிறு 2, மூக்கணாங்கயிறு 1, கழனித்தொட்டி 1.
செவலையை விற்க நானும் அப்பாவும் சந்தைக்குப் போனோமே,
நினைவிருக்கிறதா?
இரண்டே ஈத்துதான் ஆகியிருந்தது.
தரகர் வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தார்.
தேய்ஞ்சு கறை புடிச்சுக் கெடக்குது,
கெழட்டு மாட்டைக் கொண்டாந்து நிக்கிறீங்களே என்றார்.
அப்பா ஒன்றும் பேசவில்லை.
வாயை மூடிக்கொண்டே கயிற்றைக் கை மாற்றினார்.

அடுத்து, காபி டம்ளர் 6, டபரா 6,
பூப்போட்ட டிரே 1.
எல்லாம் புதுசு போலவே இருக்கிறது.
வருகிறவர்களுக்கு என்றே வாங்கியது, வீட்டில் யாரும் தொட்டதில்லை.
பாலக்கோட்டுக்காரர்கள் ஒரு முறை,
அரூர்க்காரர்கள் ஒரு முறை,
காரிமங்கலத்திலிருந்து இரண்டு முறை.
பேர் என்னம்மா என்று கேட்பார்கள். சொல்வாய்.
என்ன படிச்சிருக்கே. சொல்வாய்.
வாயைத் திறக்காமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு.
போய்த் தகவல் சொல்றோம்.
டிரேயை உனக்கு அனுப்பவா, வேண்டாமா?

ஜாதக நோட்டு 1. இதை நான் வைத்துக்கொள்கிறேன்.

கண்ணாடி 1. கதவுக்கு மேலே,
நிலைக்கு ஒரு சாண் உயரத்தில் மாட்டியிருக்கிறது.
எக்கி நின்றால் பொட்டு தெரியும், புருவம் தெரியும்.
அதற்குக் கீழே தெரியாத உயரத்தில்
அந்த ஆணியை அடித்தது நீதான் என்று அம்மா சொல்கிறாள்.
நீ இல்லை என்பாய்.

உன் டிரங்குப் பெட்டியில் கைக்குட்டை 11.
ஓரத்தில் கிளி, ரோஜா, ஆங்கில எஸ்.
நடுவில் எல்லாவற்றிலும் ஒரே சுருக்கம்.
பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ 1.
நாற்பது பேரில் உன்னைக் கண்டுபிடிப்பது சுலபம்.
ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ், மூன்று மிச்சம்.
ஸ்டுடியோக்காரர் கொஞ்சம் சிரிம்மா என்றதும்
நீ முறைத்தது அப்படியே பதிந்திருக்கிறது.

என் பழைய ஷேவிங் செட் 1.
மீசையை மட்டும் நான் ஏன் குறைத்ததில்லை என்று
என் மனைவிக்குத் தெரியாது, உனக்குத் தெரியும்.

பின்கட்டு மாடத்தில் இருப்பவை:
சாணிச் சாம்பல் ஒரு டப்பா.
உப்பும் கரியும் கலந்தது ஒரு டப்பா.
செங்கல் தூள், வேட்டியில் சலித்தது.
காய்ந்த எலுமிச்சைத் தோல்.
வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, ஒரு கட்டு.
முள் வளைந்த பிரஷ் 9.
இதையெல்லாம் யாராவது வைத்திருப்பார்களா?
அம்மா வைத்திருக்கிறாள்.
காலையில் கிணற்றடியில் உன் தாடையைப் பிடித்துக்கொண்டு
ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தது அவள்தான்.
சோம்பேறிக் கழுதை, ஒழுங்கா வெளக்குனா ஏன் இப்படி இருக்குது,
என்னைப் பாரு, என்று ஈ என்று காட்டுவாள்.
முத்து மாதிரி இருக்கும்.
இப்போதும் அப்படித்தான், அறுபத்தெட்டு வயசில்.
ஆற்றோரம் பிறந்தவள்.

அப்பாவின் வெற்றிலைப் பெட்டி 1, பாக்குவெட்டி 1.
முப்பது வயதுக்கு மேல்தான் போட ஆரம்பித்தாராம்.
ருசிக்காக இல்லை, என்று சித்தப்பா ஒருமுறை சொன்னார்,
வெத்தலைக் கறைன்னு ஊர் நெனச்சுக்கட்டும்னுதான்.
அப்பாவின் ஊன்றுகோல் 2, ஒன்று குட்டை.
குனிந்துகொண்டே போனதில் முதல் கோல் உயரமாகிவிட்டது.
தைலப் பாட்டில் 14, எல்லாம் காலி, நிறம் மட்டும் வேறு வேறு.
இடுப்பு பெல்ட் 1.
எக்ஸ்ரே கவர் 5. ஒன்றை வெளியே எடுத்து
ஜன்னலில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
முதுகெலும்பு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது.
திருப்பி உள்ளே போட்டுவிட்டேன்.

அடுப்படிச் சுவர் வீட்டோடு போகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.
பலகை அடித்த ஆணி ஓட்டைகள் மூன்று வரிசை இருக்கின்றன.
மேல் வரிசை என் தலைக்கு மேலே.
இரண்டாவது என் தோளுக்கு.
மூன்றாவது என் இடுப்புக்கு.
நாம் வளர வளர அந்தப் பலகை இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.
கை தூக்க முடியலை, கொஞ்சம் இறக்கிக் குடு என்று
அம்மா கேட்டபோதெல்லாம் ஏதோ வயசு என்று நினைத்தோம்.
முதல் தடவை கேட்டபோது அவளுக்கு நாற்பது.

நின்றுகொண்டே பெருக்க நீளக் கம்பு கட்டிய விளக்குமாறு 1.
உட்கார முக்காலி 3, அடுப்படி, கிணற்றடி, கோழிக்கூண்டுப் பக்கம்.
கயிற்றுக் கட்டில் 1.

உன் கல்யாண ஆல்பம் 1, பிரேம் போட்டது 1.
பிரேமை எடுத்துத் துடைத்தேன்.
மாமா ஏதோ சொல்கிறார், நீ வாய் விட்டுச் சிரிக்கிறாய்.
அவருக்கும் அதே பழுப்பு. மேல் வரிசை, குறுக்குக் கோடு கோடாக.
இரண்டு பேரும் மறைக்கவில்லை.
வீட்டில் இருக்கிற போட்டோக்களில்
உனக்கு வாய் திறந்தது இது ஒன்றுதான்.
இதை நீ எடுத்துக்கொள். இல்லை, பிரதி எடுத்துத் தருகிறேன்.

ஓசூரில் பிறந்ததால் உன் மகளுக்கு அம்மாவின் பல்.
எம் பேத்தி என்னை மாதிரி, சுத்தம் என்று
வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.
நானும் ஆமாம் போடுகிறேன்.

அப்புறம் ஒரு காகிதம்.
இது லிஸ்டில் வர வேண்டியது இல்லை.
போன மாதம் மோட்டார் தண்ணீரை
ஒரு பாட்டிலில் பிடித்து டவுனில் கொடுத்துவிட்டு வந்தேன்.
நாலு நாளில் கொடுத்தார்கள்.
ஃபுளோரைடு என்ற கட்டத்தில் 4.6.
பக்கத்துக் கட்டத்தில், 1.5 வரை.
நாங்க காய்ச்சித்தான் குடிச்சோம், சின்னதுல இருந்தே, என்றேன்.
கவுன்ட்டரில் இருந்தவர் நிமிராமலே சொன்னார்:
காய்ச்சினா ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான் சார்,
மத்தது அடியிலேயே நிக்கும்.
காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.
உனக்குக் காட்டுகிறேன். அம்மாவுக்கு வேண்டாம்.

சாமி படம் 5, குத்துவிளக்கு 1,
பாய் 4, தலையணை 6, ரேஷன் சர்க்கரை டப்பா, முறம், சல்லடை,
ரேடியோ (ஓடாது), குடை (விரியாது),
நாலாம் வகுப்புப் புத்தகம் உன்னுடையது.

தவலை 1, அலுமினியம்.
நினைவிருக்கிறதா, விறகடுப்பில் எப்போதும் இருக்குமே அது.
பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை காமாலையில் போன பிறகு
பச்சைத் தண்ணி நம் வாயில் பட்டதில்லை.
மூன்று சொம்பு ஊற்றினால்
இரண்டு சொம்பு ஆகும்வரை இறக்க மாட்டாள்.
உனக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு சொம்பு ஆகும்வரை.
வேலைக்குப் போய்விட்டு வந்து,
கண் எரிய ஊதி ஊதி,
துணியில் வடிகட்டி, ஆறவைத்து, உனக்கு முதல் டம்ளர்.
உள்ளே கை விட்டுப் பார்த்தேன்.
அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, அரை விரல் கனம்.
நகத்தால் சுரண்டினேன், செதிலாக வந்தது.
விட்டுவிடலாம் என்று கோழிக்கூண்டுப் பக்கம் தள்ளி வைத்தேன்.

தவலையை ஏத்திட்டியா என்று திண்ணையில் இருந்து கேட்கிறாள்.
பழசும்மா, அடி போயிடுச்சு.
எம் புள்ளைங்களுக்குக் காய்ச்சிக் குடுத்ததுடா அது,
ஊர்ல எந்தப் புள்ள அப்படிக் குடிச்சுது, என்கிறாள்.

தர்மபுரி வீட்டுக் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர்.
அவள் குழந்தையில் குடித்த அதே காவிரி.
அங்கேயும் காய்ச்சுவேன் என்கிறாள்.
நீ என்ன சொல்வாய் என்று தெரியும்,
அதனால் உன்னைக் கேட்காமலே எழுதிவிட்டேன்.

அலுமினியத் தவலை 1. மூடி இல்லை.
டெம்போ முன் சீட்டில், அம்மா மடியில்.