நீச்சல் குளத்துக்கு வருபவர்களுக்கு

குளத்தில் இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள். கண் எரிவதும் அந்த நெடி வருவதும் குளோரின் கூடிப்போனதால் அல்ல. வியர்வையும் சிறுநீரும் அதோடு கலப்பதால்தான். ஆகவே தண்ணீருக்குள் சிறுநீர் கழிக்க வேண்டாம். குழந்தைகளை அவ்வப்போது கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு இருந்தால் தயவுசெய்து வராதீர்கள். நின்ற பிறகும் இரண்டு வாரம் பொறுங்கள். சில கிருமிகள் குளோரினிலும் பல நாள் உயிரோடு இருக்கும். இதில் யாருக்கும் விலக்கு இல்லை.

ஆழம் 1.2 மீட்டர்தான். தலைகீழாகப் பாய வேண்டாம், கழுத்து முறியலாம். ஓரத்தில் ஓட வேண்டாம்.

10 வயதுக்கு உட்பட்ட பிள்ளையுடன் பெரியவர் ஒருவரும் தண்ணீரில், கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். போனைப் பையில் வைத்துவிடுங்கள். மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடாது, கையாட்டிக் கூப்பிடவும் முடியாது.

நீச்சல் உடையும் தொப்பியும் அவசியம். கண்ணாடிப் பாட்டில், உணவு, மது கூடாது.

உயிர்காப்பாளர் விசில் அடித்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் கேளுங்கள், கட்டாயம் சொல்வோம்.