நோட்டின் பின்பக்கம்

திருப்பூர் காங்கயம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் சந்தில், பனியன் கம்பெனி கேட்டுக்கு எதிரே சின்னச்சாமியின் டீக்கடை. கல்லாவுக்குக் கீழே ஒரு நீள நோட்டு. முன்பக்கம் பற்றுக் கணக்கு. திருப்பிப் பிடித்தால் கடைசிப் பக்கத்திலிருந்து இங்கிலீஷ் வார்த்தைகள், தமிழ் எழுத்தில்.

ஒரு வார்த்தைக்கு ஒரு வரி. யார் சொன்னது, என்ன தேதி, அதற்குப் பிறகு கடையில் என்ன நடந்தது. அர்த்தம் தெரிந்தால் ஓரத்தில் வரும். தெரியாவிட்டாலும் வரியை விடுவதில்லை.

'இன்ஸ்பெக்‌ஷன்: ஆபீசுக்குப் பதினைந்து டீ, சர்க்கரை தனியாக. பேப்பர் கப் கூடாது.'

'ஏர் ஷிப்மென்ட்: சரக்கு லேட், கப்பல் போய்விட்டது. விடிய விடிய வேலை. ராத்திரிக்குப் பால் பத்து லிட்டர் சேர்த்து.'

'ஹோல்டு: சனிக்கிழமை பற்று வரவில்லை.'

இந்தக் கடைசி வரிதான் அவருக்குப் பாடம். லிட்டருக்குப் பதினாலு டீ கணக்கில் பால் வாங்கியிருந்தார், ஆள் வரவில்லை. அடுப்பில் கிடந்து சுண்டிய பாலில் டீ போட்டால் நிறம் மங்கி, நாக்கில் ஏடு ஒட்டும். அப்படிப்பட்ட டீயை அவர் யாருக்கும் கொடுக்க மாட்டார். நாலு லிட்டர் சாக்கடைக்குப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் தம்பி பெஞ்சில் உட்கார்ந்து போனில் பேசினான். "ஜிஎஸ்எம் ஃபெயில். கட்டிங்கை ஹோல்டு பண்ணுங்க. ஜஸ்ட் டூ டேஸ்."

சின்னச்சாமி பழைய தூளைத் தட்டி, வடிதுணியில் புதுத் தூள் போட்டுக்கொண்டிருந்தார். போன் வைத்ததும் கேட்டார்.

"ஜிஎஸ்எம்முன்னா என்னங் தம்பி?"

அவன் சட்டைப் பையிலிருந்து வட்டமாக வெட்டிய துணித்துண்டு ஒன்றை எடுத்தான். "இது நூறு சதுர சென்டிமீட்டருங்ணா. எடை போட்டு நூறால பெருக்கணும். 1.8 கிராம் இருந்தா சதுர மீட்டருக்கு 180 கிராம், அதுதான் ஜிஎஸ்எம். இது 1.65தான் நிக்குது. காம்பாக்டிங் மெஷின்ல அகலத்தை இழுத்துட்டாங்க, துணி மெலிஞ்சுபோச்சு."

"சரி பண்ண முடியாதுங்களா?"

"மறுபடி காம்பாக்டிங் போட்டு அகலத்தைக் குறைச்சா எடை ஏறும். அங்க வரிசையில நிக்கணும். அகலம் மாறினா கட்டிங் மார்க்கரும் புதுசாப் போடணும்."

அவன் கேட்டுக்குள் போனதும் நோட்டைத் திருப்பினார். 'ஜஸ்ட் டூ டேஸ்' என்ற வரி ஏற்கெனவே இருந்தது. அதற்கு நேரே மூன்று தேதிகள், ஒவ்வொன்றுக்கும் வேலை நின்ற நாள் கணக்கு: 5, 9, 6. ஒரு தடவைகூட 2 இல்லை.

பதினொரு மணி டீக்குப் பவர் டேபிளில் தைக்கும் பெண்கள் வந்தார்கள். சரசு கைமடிப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "இந்த வாரம் ஒன்றரை ஷிப்ட் ஓடுமாம். ரெண்டாயிரம் கைமாத்து வாங்கிப் பையன் பீஸைக் கட்டிட்டா சனிக்கிழமை பில்லுல குடுத்துரலாம்."

ஒருவர் போனில் பேசியதை இன்னொருவரிடம் சொல்லும் பழக்கம் சின்னச்சாமிக்கு இல்லை. டீக்கடைக்காரன் வாய் திறந்தால் பெஞ்சில் ஆள் உட்கார மாட்டான். ஆனால் சரசு பீஸ் ரேட்டு. துணி வெட்டினால்தான் அவளுக்குத் தையல், தைத்தால்தான் காசு.

"சரசு, கைமாத்து வாங்காதம்மா. ஒரு வாரத்துக்கு வேலை இருக்காதாட்டத் தெரியுது."

"ஆரு சொன்னாங்கண்ணா?"

"கணக்குச் சொல்லுது."

வியாழக்கிழமை லைன் நின்றது. சரசும் இன்னும் மூன்று பேரும் அதற்கு முன்பே பக்கத்துச் சந்துக் கம்பெனியில் தினக்கூலிக்கு உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலம் மெர்ச்சண்டைசர் முகம் சிவந்து வந்தான்.

"ஏனுங்ணா, டெய்லருங்க போனதுக்கு நீங்கதான் காரணமுங்களா?"

சின்னச்சாமி பதில் சொல்லவில்லை. நோட்டைத் திருப்பி அவன் முன்னால் வைத்தார். அவன் தன் வார்த்தைகளை ஒவ்வொன்றாகப் படித்தான். 'ஜஸ்ட் டூ டேஸ்' வந்ததும் விரல் நின்றது. மூன்று தேதிகளையும் பார்த்தான். மூன்றும் அவன் சொன்னவைதான். டீ ஆறி ஏடு கட்டியது.

போனை எடுத்து லேபர் கான்ட்ராக்டரைக் கூப்பிட்டான். "அண்ணா, துணி அடுத்த புதன்கிழமைதான் வரும். அதுவரைக்கும் ஆளுங்க வேற பக்கம் போறதுன்னா போகட்டும். புதன் காலைல எட்டரைக்கு வந்தாப் போதும்னு சொல்லிருங்க."

சின்னச்சாமி ஆறிய டீயைக் கொட்டிவிட்டு வேறொன்று ஆற்றிக் கொடுத்தார். பிறகு பால்காரருக்குப் போன் போட்டார். "செவ்வாய் வரைக்கும் பன்னெண்டு லிட்டர் போதுமுங். புதன்கிழமை இருபது."