நவம்பர் தூண்

முதலில் இந்த மாதவாரி மழை வரைபடத்தின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சென்னையின் மழைத் தூண்கள் தரையோடு தரையாகத்தான் கிடக்கின்றன. அப்படியே வலப்பக்கம் வாருங்கள். ஜூனில் கொஞ்சம் தலை தூக்குகிறது, ஆகஸ்டில் இன்னும் கொஞ்சம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் ஒரே ஏற்றம்!

சரி, இப்போது நீலத் தூணில் மட்டும் கண் வையுங்கள். அது நவம்பர். வழக்கமாக 400 மில்லிமீட்டரை ஒட்டி நிற்கும்.

இதோ, பக்கத்தில் சிவப்புத் தூண் கிளம்புகிறது. 2015 நவம்பர். 500... 700... 900... திரை போதவில்லை, அளவுகோலையே மேலே நீட்டுகிறோம். 1,049-இல் நிற்கிறது.

அதற்கும் மேலே தெரியும் சாம்பல் கோடு? 1918 நவம்பர், 1,088.

அந்த ஆண்டு சென்னையை மூழ்கடித்த டிசம்பர் 1 மழை இன்னும் இந்தப் படத்துக்குள் வரவில்லை.