பொருள்: கொள்முதல் வவுச்சர் 1147-இல் தொகை தவறு – 31-ஆம் தேதிக்குள் திருத்த வேண்டுகிறேன்

கணக்குப் பிரிவினருக்கு வணக்கம்.

அட்டைப்பெட்டி சப்ளையரின் 12-ஆம் தேதி பில்லை (எண் 308) பதியும்போது ஒரு தவறு செய்துவிட்டேன். வரிக்கு முந்தைய தொகை ரூ.45,000. நான் அடித்தது 54,000. இலக்கம் இடம் மாறிவிட்டது. 5% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.47,250 வர வேண்டிய இடத்தில் ரூ.56,700 நிற்கிறது, ரூ.9,450 அதிகம்.

இன்று காலை சப்ளையரின் ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டபோதுதான் கண்ணில் பட்டது. வவுச்சர் ஒப்புதலாகிப் பூட்டப்பட்டதால் என்னால் திருத்த முடியவில்லை.

இரண்டு விஷயம் அவசரம். சப்ளையருக்கான பணம் 30-ஆம் தேதி பட்டியலில் இருக்கிறது. அதை இப்போதே நிறுத்தி வையுங்கள். அப்புறம், உள்ளீட்டு வரியில் ரூ.450 கூடுதலாக ஏறியிருக்கிறது. மாதக் கணக்கை மூடிவிட்டால் ஜிஎஸ்டிஆர்-2பியோடு பொருந்தாது, அடுத்த மாதம் மாற்றுப் பதிவு போட்டு அலைய வேண்டியிருக்கும்.

வவுச்சரைத் திறந்துவிட்டால் நானே பத்து நிமிடத்தில் சரிசெய்கிறேன். நீங்களே திருத்துவதென்றாலும் சரி. பில், சரக்கு வரவுச் சீட்டு இரண்டின் ஸ்கேனையும் இணைத்துள்ளேன். சீட்டில் 3,000 பெட்டி, ஒன்று ரூ.15 என்று தெளிவாக இருக்கிறது. அதே வாரத்தில் நான் போட்ட மற்ற பதிவுகளையும் பார்த்துவிட்டேன், அவை சரியாக உள்ளன.

சிரமத்துக்கு மன்னிக்கவும். திருத்தியதும் ஒரு வரி பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டோர்ஸ் உதவியாளர்
கொள்முதல் பிரிவு