கண்புரை அறுவை சிகிச்சைக்கான விடுப்பு விண்ணப்பம்

சிங்கப்பூர்
28 செப்டம்பர் 2026

உரிமையாளர் அவர்களுக்கு,

பொருள்: அக்டோபர் 13, 20, 21, 28 ஆகிய நாள்களுக்கு விடுப்பு வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் இடக் கண்ணில் உள்ள கண்புரையை அகற்ற டான் டோக் செங் மருத்துவமனை நாள் ஒதுக்கியிருக்கிறது. முன்பதிவை உறுதிசெய்து வந்த செய்தியின் திரைப்பிடிப்பை, அடையாள அட்டை எண்ணை மட்டும் மறைத்துவிட்டு, இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். அதில் தேதிகள் எண்களில் மட்டுமே இருப்பதால் கிழமையுடன் கீழே எழுதுகிறேன்.

அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.30 மணிக்கு அறுவைக்கு முந்தைய பரிசோதனை. அன்று நண்பகல்வரை வேலை பார்த்துவிட்டுச் செல்ல முடியும் என்பதால் அரை நாள் ஆண்டு விடுப்பே போதும்.

அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை, அறுவை சிகிச்சை. மறுநாள் 21, புதன்கிழமை, காலை 9 மணிக்குக் கட்டுப் பிரித்துப் பார்ப்பார்கள். அறுவை நடந்த அன்றே வீடு திரும்பிவிடலாம் என்றாலும், பகல்நேர அறுவை சிகிச்சையும் வேலை நியமனச் சட்டப்படி மருத்துவமனை விடுப்பில் அடங்கும் என்பதால், இவ்விரு நாள்களையும் அவ்வகையில் பதிவுசெய்யக் கேட்டுக்கொள்கிறேன். மருத்துவச் சான்றிதழைக் கையில் கிடைத்த அன்றே அனுப்பிவிடுவேன். மருத்துவர் கூடுதலாக ஓய்வு எழுதித் தரக்கூடும். ஆனால் திரைப்பிடிப்பில் இல்லாத நாள்களை இப்போதே கேட்பது முறையாகாது என்பதால் அவற்றை இதில் சேர்க்கவில்லை.

அக்டோபர் 28, புதன்கிழமை, காலை 10.15 மணிக்கு மறுபரிசோதனை. நேரத்தைப் பார்த்தால் மதியம் அலுவலகம் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஆயினும் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து இட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கலாகவே இருக்கும். அந்த நிலையில் கணினியில் கணக்குப் பார்த்து ஓர் எண்ணை மாற்றிப் போடுவதைவிட அன்று முழு நாளும் ஆண்டு விடுப்பு எடுப்பதே நல்லது என்று கருதுகிறேன்.

இந்நாள்கள் பொருள் சேவை வரிக் கணக்கைச் சமர்ப்பிக்கும் மாதத்தில் வருவதை நான் அறிவேன். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக் கணக்கை அக்டோபர் 31-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்றாலும், கொள்முதல், விற்பனை விலைப்பட்டியல்களைச் சரிபார்த்து, படிவத்தை 16-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே தங்கள் ஒப்புதலுக்கு வைத்துவிடுவேன். கிடங்கிலிருந்து வரவேண்டிய செப்டம்பர் மாத இறக்குமதி அனுமதிச் சீட்டுகள் 9-ஆம் தேதிக்குள் என் மேசைக்கு வந்துவிட்டால் இதில் தாமதம் ஏற்படாது. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் அவர்கள் விரைந்து அனுப்புவார்கள். நான் இல்லாத நாள்களில் வாடிக்கையாளர் காசோலைகளைப் பெற்றுப் பதிவேட்டில் எழுதக் கணக்குப் பிரிவு உதவியாளர் ஒப்புக்கொண்டுள்ளார்.

மருத்துவமனை தேதியை மாற்றினால் புதிய செய்தியை உடனே அனுப்பித் தெரிவிக்கிறேன். மேற்கண்ட விடுப்புக்கு ஒப்புதல் அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ச. கலைவாணி
கணக்கு எழுத்தர்

இணைப்பு: மருத்துவமனை முன்பதிவுச் செய்தியின் திரைப்பிடிப்பு, ஒரு பக்கம்